சார்ட் போட்டோவை வரிசையாக எழுதினேன், ஐந்தாவது வரிசையில் கண்ணி போதவில்லை

கண்ணிக்காரி, ஜூன் 3, இரவு 9:12

லேஸ் சார்ட் ஒன்று, தெரிந்தவர் தன் புத்தகத்திலிருந்து போட்டோ எடுத்து அனுப்பியது. 11 கட்டம் அகலம், 8 வரிசை. அதில் 10 கட்டத்தைச் சுற்றித் தடிமனான கோடு, வலது ஓரத்தில் ஒரு கட்டம் மட்டும் கோட்டுக்கு வெளியே. காலிக் கட்டம், புள்ளி, வட்டம், நடுவில் மூன்று கோடு ஒரே முனையில் சேர்கிற மாதிரி ஒரு குறி, இவ்வளவுதான் இருக்கிறது. குறி விளக்கம் இருந்த பகுதி போட்டோவில் வெட்டுப்பட்டுவிட்டது.

எனக்குப் படம் பார்த்துப் பின்ன வராது, எழுத்தில் வேண்டும். காலி என்றால் நிட், புள்ளி பர்ல், வட்டம் யார்ன் ஓவர் (யா.ஓ), மூன்று கோடு என்றால் மூன்று கண்ணியை ஒன்றாக்குவது (3சேர் என்று போடுகிறேன்) என வைத்துக்கொண்டு எழுதினேன். 21 கண்ணி ஏற்றிப் பின்னினால் முதல் நான்கு வரிசை சரியாகப் போகிறது, ஐந்தாவதில் கடைசியில் 2 கண்ணி போதவில்லை. என் ஐந்தாவது வரிசை:

பர்ல்1, *நிட்2, யா.ஓ, நிட்1, 3சேர், நிட்5*, நட்சத்திரத்துக்குள் இருப்பதை இன்னொரு முறை.

இரட்டைப்படை வரிசை எல்லாம் பர்ல். காலிக் கட்டம் பின்பக்கத்தில் பர்ல், புள்ளியும் பர்ல், அப்போது எல்லாமே பர்ல்தானே?

வட்டப்பின்னல், ஜூன் 3, இரவு 9:40

எல்லா வரிசையையும் வலமிருந்து இடமாக வாசியுங்கள், புள்ளி எப்போதும் பர்ல், காலி எப்போதும் நிட். நான் தொப்பி, காலுறை எல்லாம் இப்படித்தான் பின்னுகிறேன், ஒரு நாளும் தப்பியதில்லை. பின்பக்கம் என்று குழப்பிக்கொள்ளவே வேண்டாம்.

பழைய ஊசி, ஜூன் 3, இரவு 10:25

வட்டப்பின்னல் சொல்வது வட்டமாகப் பின்னுகிறவருக்குச் சரி, அவருக்குப் பின்பக்கமே கையில் வராது. 21 கண்ணி என்று சொல்லும்போதே இவர் திருப்பித் திருப்பிப் பின்னுகிறார் என்று தெரிகிறது (10இன் மடங்கோடு ஒன்று, அந்த ஒன்று ஓரத்துக்கு), அங்கே இந்த விதி உதைக்கும்.

சார்ட் காட்டுவது துணியின் நல்ல பக்கம் எப்படித் தெரியும் என்பதை. கை என்ன செய்யவேண்டும் என்பதை அல்ல. ஒற்றைப்படை வரிசையில் இரண்டும் ஒன்றே. இரட்டைப்படையில் துணி திரும்பியிருக்கிறது, அதனால் இடமிருந்து வலமாக வாசிக்கவேண்டும், காலி பர்ல் ஆகும், *புள்ளி நிட் ஆகும்*. கண்ணிக்காரி பாதியை மட்டும் திருப்பியிருக்கிறார். காலியைத் திருப்பிவிட்டுப் புள்ளியைத் திருப்பாமல் விட்டால் எல்லாமே பர்ல் என்றுதான் வரும். பின்னியது கையில் இருக்கிறதல்லவா, வலது ஓரத்து ஒற்றைக் கண்ணியைப் பாருங்கள். ஒரு வரிசை மேடு, ஒரு வரிசை மழமழப்பு என்று மாறி மாறி வந்திருக்கும். புள்ளிகளின் வரிசை சார்ட்டில் செங்குத்தாக நிற்கிறதென்றால் துணியில் அது ஒரே சீரான பள்ளமாக ஓடவேண்டும்.

ஆனால் உங்கள் 2 கண்ணிக்கு இது காரணம் இல்லை. நிட்டோ பர்லோ ஒரு கண்ணியை எடுத்து ஒரு கண்ணியைத்தான் தரும், எண்ணிக்கை மாறாது. சிக்கல் ஐந்தாவது வரிசையில்தான் இருக்கிறது. இரண்டு முறை சுற்றி 2 குறைகிறது, அதாவது ஒரு சுற்றுக்கு ஒன்று.

சார்ட்டை எழுத்தாக மாற்றுவதற்கு முன் அதை அப்படியே விரிதாளில் கட்டத்துக்குக் கட்டம் தட்டுங்கள். திருப்பாதீர்கள், மொழிபெயர்க்காதீர்கள், படத்தில் எங்கே இருக்கிறதோ அங்கே. காலி K, புள்ளி P, வட்டம் O, மூன்று கோடு D. ஒற்றைப்படை வரிசைகளை மட்டும் இங்கே போடுங்கள், போதும்.

குறுக்குத்தையல், ஜூன் 4, காலை 6:55

எனக்கும் இதே பிரச்சினைதான், போட்டோவில் வண்ணம் சரியாக வரவில்லை, இரண்டு பச்சையும் ஒன்றாகத் தெரிகிறது. வரிசையாக எழுதினால் எந்தப் பச்சை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என் சார்ட் ரோஜாக் கொத்து, 80 கட்டம்.

முடிச்சு, ஜூன் 4, காலை 8:10

அம்மா, இவர்கள் ஊசிப் பின்னல் பேசுகிறார்கள், உங்களுடையது எம்பிராய்டரி. இருந்தாலும் சொல்கிறேன், நான் இரண்டும் செய்கிறவள். உங்களுக்கு வேலை இன்னும் எளிது. ஒவ்வொரு கட்டமும் தனித்தனி, மேல்வரிசை கீழ்வரிசையைச் சார்ந்து நிற்பதில்லை, திசையும் பிரச்சினை இல்லை. "வரிசை 12: காலி 6, அடர்பச்சை 4, இளம்பச்சை 2, காலி 68" என்று கூட்டினால் 80 வரவேண்டும், அவ்வளவுதான் சோதனை. வண்ணத்துக்கு மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த போட்டோவை நம்பவே நம்பாதீர்கள். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் வைத்து எடுத்தால் எது மஞ்சளித்திருக்கிறது என்று தெரியும். சார்ட்டில் வண்ணத்தோடு குறியும் அச்சிட்டிருந்தால் வண்ணத்தைக் கண்டுகொள்ளாமல் குறியை மட்டும் எழுதுங்கள்.

கண்ணிக்காரி, ஜூன் 4, மதியம் 1:30

தட்டிவிட்டேன். படத்தில் இருக்கிற மாதிரியே, முதல் வரிசை கீழே:

```
7  K K K K O D O K K K P
5  K K K K K D K O K K P
3  K K O K K D K K O K P
1  K O K K K D K K K O K
```

4, 6 இரண்டிலும் வலது ஓரத்தில் மட்டும் P, மற்றதெல்லாம் K. 2, 8 முழுக்க K.

அந்த ஓரக் கண்ணி நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது, மேடு ஒன்று விட்டு ஒன்று.

பழைய ஊசி, ஜூன் 4, மாலை 6:45

இதை வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு எண் உண்டு: கீழ் வரிசையிலிருந்து எத்தனை கண்ணியைத் தின்கிறது, முடிவில் எத்தனை கண்ணியைத் தருகிறது. தருவது சுலபம், கட்டங்களை எண்ணினால் போதும். தின்பதற்குத்தான் யோசிக்கவேண்டும். K, P ஒன்றைத் தின்னும். O எதையும் தின்னாது, வெறும் நூல் சுற்றுதான். D மூன்றைத் தின்னும். வரிசை தின்பது, அதற்குக் கீழ் வரிசை தந்த எண்ணிக்கைக்குச் சமமாக இருக்கவேண்டும். விரிதாளில் B முதல் L வரை கட்டங்கள் என்றால், அந்த வரிசையில் தின்பது:

```
=COUNTIF(B5:L5,"K")+COUNTIF(B5:L5,"P")+3*COUNTIF(B5:L5,"D")
```

1, 3, 7 மூன்றுக்கும் 11 வரும். ஐந்தாவதுக்கு 12 வரும், நான்காவது தருவதோ 11தான். ஒன்று கூடுதலாகத் தின்கிறது என்றால் ஒரு O காணாமல் போய் அந்த இடத்தில் K நிற்கிறது. இதே கணக்கில் 9 வந்திருந்தால் D ஒன்று K ஆகியிருக்கும். எந்தக் குறி தொலைந்தது என்பதை எண்ணே சொல்லிவிடுகிறது, எந்தக் கட்டத்தில் என்பதைச் சொல்லாது.

அதற்கு வேறு வழி. வலமிருந்து கட்டங்களை எண்ணி O எங்கே எங்கே என்று பாருங்கள். முதல் வரிசையில் 2, 10. மூன்றாவதில் 3, 9. ஏழாவதில் 5, 7. இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி ஒவ்வொன்றாக நகர்ந்து வருகிறது. ஐந்தாவதில் 4 இருக்கிறது, 8 இருக்கவேண்டும். போட்டோவில் எட்டாவது கட்டத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பளபளப்புத் தாளில் வெளிச்சம் விழுந்து வெளுத்திருக்கும்.

கண்ணிக்காரி, ஜூன் 4, மாலை 7:20

அங்கே வெள்ளையாக ஒரு திட்டு இருக்கிறது. நான் அதைக் காலிக் கட்டம் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். பெரிதாக்கினால் வட்டத்தின் கீழ் வளைவு மட்டும் மங்கலாகத் தெரிகிறது.

முடிச்சு, ஜூன் 4, இரவு 8:05

ஒரு சந்தேகம். வலது ஓரத்தில் P வரிசையாக இருக்கிறது, இடது ஓரத்தில் K மட்டும். மற்ற எல்லாமே நடுக்கட்டத்துக்கு இருபுறமும் கண்ணாடி மாதிரி ஒத்துப்போகும்போது இது மட்டும் ஏன் ஒருபக்கமாக? அதுவும் பெட்டிக்கு வெளியே இருக்கிற ஒரே கட்டத்தில் புள்ளி என்றால், பின்னிய துணியில் பள்ளம் ஒரு ஓரத்தில் மட்டும் வரும், நடுவில் எங்கேயும் வராது. யாராவது அப்படி ஒரு டிசைன் போடுவார்களா?

பழைய ஊசி, ஜூன் 4, இரவு 9:30

நல்ல கண். கணக்கு இதைப் பிடிக்காது, K ஆனாலும் P ஆனாலும் ஒன்றைத்தான் தின்னும். கண்ணிக்காரி, போட்டோவை ஏதாவது ஸ்கேன் செயலியில் போட்டீர்களா?

கண்ணிக்காரி, ஜூன் 4, இரவு 9:41

அவர் போட்டார். ஓரம் கோணலாக இருந்ததால் நேராக்கி, கறுப்பு வெள்ளையாக்கி அனுப்பினார்.

பழைய ஊசி, ஜூன் 4, இரவு 10:15

அந்தக் கறுப்பு வெள்ளைதான் புள்ளியைத் தின்றது. ஓரளவுக்கு மேல் அடர்த்தியாக இருந்தால் கறுப்பு, இல்லையென்றால் வெள்ளை என்று அது முடிவெடுத்துவிடும், சாம்பல் நிறத்துக்கு இடமே இல்லை. புத்தக மடிப்புப் பக்கம் கொஞ்சம் ஃபோகஸ் போயிருக்கும், அங்கே சின்னப் புள்ளி மங்கலான சாம்பலாகத்தான் விழும். கோடும் வட்டமும் தப்பித்துவிடும், புள்ளிதான் முதலில் போகும். சில சார்ட்டில் "இங்கே கண்ணி இல்லை" என்பதற்குச் சாம்பல் கட்டம் போடுவார்கள், அதுவும் இதே செயலியில் வெள்ளையாகிக் காலிக் கட்டத்தோடு கலந்துவிடும். அது நடந்தால் மட்டும் கணக்கு கதறும், ஏனென்றால் இல்லாத கண்ணியை எண்ணுகிறீர்கள்.

நேராக்குவது தப்பில்லை. மூலப் படத்தை அப்படியே வாங்குங்கள், நேராக்கிய பிறகும் வண்ணத்திலேயே வைத்திருங்கள். இன்னொன்று, நான்கு மூலையை இழுத்து நேராக்குவது தட்டையான தாளுக்குத்தான் உதவும். மடிப்பில் வளைந்த பக்கத்தில் கட்டங்கள் நெருங்கி நெருங்கி வரும், அங்கே ஒரு கட்டத்தை இரண்டாக எண்ணுவதும் இரண்டை ஒன்றாக எண்ணுவதும் சகஜம். கேமராவைக் கிட்டே கொண்டுபோகாமல் தள்ளி நின்று ஜூம் செய்து எடுக்கச் சொல்லுங்கள், கோணல் பாதி அங்கேயே குறையும்.

கண்ணிக்காரி, ஜூன் 5, காலை 10:50

மூலப் படம் வந்தது. இடது ஓரத்தில் 3 முதல் 7 வரை ஐந்து வரிசையிலும் புள்ளி இருக்கிறது, வெளிர் சாம்பலில். எட்டாவது கட்டத்து வட்டம் இதிலும் வெளுத்துதான் இருக்கிறது, ஆனால் O என்றே வைத்துக்கொண்டேன், கணக்கு 11 வந்துவிட்டது. இப்போது எழுதியது:

1: நிட்1, *யா.ஓ, நிட்3, 3சேர், நிட்3, யா.ஓ, நிட்1*
2: எல்லாம் பர்ல்
3: பர்ல்1, *நிட்1, யா.ஓ, நிட்2, 3சேர், நிட்2, யா.ஓ, நிட்1, பர்ல்1*
4: *நிட்1, பர்ல்9*, நிட்1
5: பர்ல்1, *நிட்2, யா.ஓ, நிட்1, 3சேர், நிட்1, யா.ஓ, நிட்2, பர்ல்1*
6: நான்காவது போலவே
7: பர்ல்1, *நிட்3, யா.ஓ, 3சேர், யா.ஓ, நிட்3, பர்ல்1*
8: எல்லாம் பர்ல்

நான்காவதில் தனிக்கண்ணி கடைசிக்குப் போய்விட்டது. இடமிருந்து வாசிக்கும்போது பெட்டி முதலில் வருகிறது, ஓரக் கட்டம் பிறகு. சரிதானே?

பழைய ஊசி, ஜூன் 5, காலை 11:20

சரி. பலர் பழக்கத்தில் ஓரக் கண்ணியை எப்போதும் முதலில் எழுதிவிடுவார்கள். இந்த டிசைனில் அது தெரியவே தெரியாது, "நிட்1, *பர்ல்9, நிட்1*" என்று எழுதினாலும் ஊசியில் வருவது ஒன்றுதான். இருபுறமும் ஒத்த டிசைன் திசைப் பிழையை மறைத்துவிடும். ஒரு பக்கமாகச் சாய்ந்து போகிற இலை டிசைனையோ, இரண்டு ஓரத்திலும் வேறு வேறு கண்ணி இருக்கிறதையோ எழுதும்போதுதான் வாசித்த திசை தவறா என்று தெரியும்.

வட்டப்பின்னல், ஜூன் 5, மதியம் 12:05

எனக்கு இதே டிசைன் வேண்டும், தொப்பியின் ஓரத்துக்கு. நான்காவது வரிசையை நிட்1, பர்ல்9 என்று போட்டால் என் தொப்பி கெட்டுப்போகும்.

முடிச்சு, ஜூன் 5, மதியம் 12:30

உங்களுக்கு ஓரக் கட்டமே வேண்டாம், பெட்டிக்குள் இருக்கிற 10 மட்டும். 20, 30 என்று ஏற்றுங்கள். நான்காவதும் ஆறாவதும் நிட்9, பர்ல்1. இரண்டாவதும் எட்டாவதும் முழுக்க நிட். ஒற்றைப்படை வரிசையில் நட்சத்திரத்துக்குள் இருப்பது அப்படியே. முதலில் நீங்கள் சொன்ன விதி உங்கள் தொப்பிக்குப் பொருந்துகிறது, சந்தோஷமா?

செவிவழி, ஜூன் 5, மாலை 4:15

நான் பார்வை குறைந்தவள், போன் வாசிக்க வாசிக்கப் பின்னுகிறேன். கண்ணிக்காரி எழுதியதை வாசிக்க விட்டால் அது நட்சத்திரத்தை விட்டுவிடுகிறது, எங்கே திரும்பத் தொடங்குவது என்று எனக்குத் தெரிவதில்லை. "யா.ஓ" என்பதை யா, ஓ என்று இரண்டு எழுத்தாகச் சொல்கிறது, அது பரவாயில்லை, பழகிவிடும். "நிட்3, 3சேர், நிட்3" என்று எண்ணும் எழுத்தும் மாறி மாறி வரும்போதுதான் எந்த மூன்று எதைச் சேர்ந்தது என்று குழம்புகிறது. இப்படி இருந்தால் எனக்குப் பிடிக்கும்:

வரிசை ஐந்து, நல்ல பக்கம். ஒரு பர்ல். இனித் திரும்ப வரும் பகுதி. இரண்டு நிட், யார்ன் ஓவர், ஒரு நிட், மூன்றைக் குறை, ஒரு நிட், யார்ன் ஓவர், இரண்டு நிட், ஒரு பர்ல். பகுதி முடிந்தது. வரிசை முடிவில் 21 கண்ணி.

வரிசை முடிவில் எண்ணிக்கை சொல்வதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நான் தடவித்தான் எண்ணவேண்டும், கூடக் குறைய வந்தால் அந்த வரிசையிலேயே தெரிந்துவிட வேண்டும், நான்கு வரிசை தாண்டித் தெரிந்தால் எதைப் பிரிப்பது?

கண்ணிக்காரி, ஜூன் 5, இரவு 8:40

இது எனக்கும் வசதியாக இருக்கிறது, கண் நன்றாகத் தெரிந்தாலும் சரி. ஒவ்வொரு வரிசையிலும் எந்தப் பக்கம் என்பதையும் எண்ணிக்கையையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். இரட்டைப்படை வரிசைகளையும் "நான்காவது போலவே" என்று விடாமல் முழுதாக எழுதிவிடட்டுமா?

செவிவழி, ஜூன் 5, இரவு 8:52

முழுதாக. போனைப் பின்னோக்கி ஓட்டுவது எனக்குத் தொல்லை.

பழைய ஊசி, ஜூன் 6, காலை 7:30

ஒன்று மட்டும் நெருடிக்கொண்டே இருக்கிறது. அந்த 3சேர். மூன்றை ஒன்றாக்க இந்த மாதிரி லேஸில் எனக்குத் தெரிந்து அதிகம் போடுவது இரண்டு வழி. ஒரு கண்ணியை நழுவவிட்டு, அடுத்த இரண்டைச் சேர்த்து நிட் போட்டு, நழுவியதை அதன்மேல் தாண்டவிடுவது. அல்லது இரண்டைச் சேர்த்து நிட் போடுவதுபோல ஊசி விட்டு நழுவவிட்டு, மூன்றாவதை நிட் போட்டு, அந்த இரண்டையும் தாண்டவிடுவது. முதலாவதில் மேலே தெரிகிற கண்ணி இடப்பக்கம் சாயும். இரண்டாவதில் நடுக்கண்ணி மேலே வந்து நேராக நிற்கும், வரிசைக்கு மேல் வரிசையாக ஒரு முதுகெலும்பு ஓடும். இரண்டும் மூன்றைத் தின்று ஒன்றைத் தருவதால் கணக்கு இங்கே உதவாது. குறியிலும் சின்ன வித்தியாசம்தான், நடுக்கோடு மற்றதற்கு மேலே நீள்கிறதா இல்லையா என்று. குறி விளக்கம் இல்லாமல் நான் சத்தியம் செய்யமாட்டேன்.

முடிச்சு, ஜூன் 6, காலை 9:00

இந்த டிசைன் குதிரை லாட லேஸ், ஆங்கிலத்தில் ஹார்ஸ்ஷூ லேஸ் என்பார்கள். நான் பார்த்த எழுத்து வடிவங்களில் முதலாவதுதான் இருந்தது, ஒன்றை நழுவவிட்டு இரண்டைச் சேர்ப்பது. அதையே எழுதிவிடலாம்.

பழைய ஊசி, ஜூன் 6, காலை 9:35

நானும் அப்படித்தான் பின்னியிருக்கிறேன். ஆனால் இந்தச் சார்ட்டை வரைந்தவர் எதை நினைத்தார் என்பது வேறு விஷயம், நடுமுதுகு நேராக வரட்டும் என்று மாற்றியிருக்கலாம். அதுவும் அழகுதான். ஜப்பானியச் சார்ட்டாக இருந்தால் இன்னும் கவனம், அவற்றில் காலிக் கட்டத்துக்கே சார்ட்டின் கீழே தனியாக ஒரு சின்னக் குறிப்பு இருக்கும், காலி என்றால் பர்ல் என்றுகூடச் சில சார்ட்டில் வரும். போட்டோ எடுக்கும்போது அந்தக் கீழ் ஓரத்தைத்தான் எல்லோரும் வெட்டிவிடுகிறார்கள்.

குறுக்குத்தையல், ஜூன் 6, காலை 11:15

பகல் வெளிச்சத்தில் எடுத்தேன், இரண்டு பச்சை இல்லை, மூன்று இருக்கிறது.

கண்ணிக்காரி, ஜூன் 6, மாலை 5:20

புத்தகம் வைத்திருப்பவரிடம் மூன்று கேட்டிருக்கிறேன்: சார்ட்டுக்குக் கீழே இருக்கிற குறிப்பு, குறி விளக்கம், பின்னிய துணியின் படம் ஏதாவது அந்தப் பக்கத்தில் இருந்தால் அது. அதற்குள் இரண்டு விதமாகவும் 21 கண்ணியில் சின்னத் துண்டு பின்னிப் பார்த்தேன். முதலாவதில் லாடத்தின் நடு லேசாக இடப்பக்கம் முறுக்கியிருக்கிறது, இரண்டாவதில் கூர்மையாக நிற்கிறது. எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது. செவிவழிக்கு எழுதித் தருவதில் "மூன்றைக் குறை" என்று மட்டும் போட்டு, மேலே தனியாக இரண்டு முறையையும் விளக்கிவிடுகிறேன், பதில் வந்ததும் ஒன்றை அடித்துவிடலாம்.

செவிவழி, ஜூன் 6, மாலை 6:02

அடிக்கவேண்டாம், இரண்டும் இருக்கட்டும். எனக்கு இரண்டைச் சேர்த்து நழுவவிடுவது கைக்குச் சிரமம், நான் முதலாவதையே போடுவேன்.